"ம்" என்று மட்டும் பதில் வந்தால்

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வளர்ந்த பிள்ளைகள் "ம்", "சரி", "அப்புறம்" என்று முடித்துக்கொள்வதைப் பற்றி வருத்தப்படாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. போன வருஷம் வரை வாய்ஸ் நோட்டும் ஸ்டிக்கருமாய்க் கொட்டிய பிள்ளை இப்போது ஒற்றைச் சொல்லில் நிற்கிறது. உடனே நமக்கு வரும் கேள்வி, "எதை மறைக்கிறா?"

அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்தக் கேள்விக்கு, யார் பார்க்கும் இடத்தில் பதில் சுருங்குகிறது?

என் அக்கா மகள் விஷயத்தையே சொல்கிறேன். பதினான்கு வயது. அவள் பதில்கள் சுருங்கிவிட்டன, அனுப்பியதை உடனே அழிக்கிறாள் என்று அக்கா புலம்பியதும், நாங்கள் எல்லாரும் இருக்கும் அந்தக் குரூப்பைக் கொஞ்சம் மேலே தள்ளிப் படித்தேன். எல்லாருக்கும் பொதுவான இடம்தானே, அதில் தவறில்லை. "எத்தனை மணிக்கு வர்ற?" என்றால் அரை நிமிஷத்தில் "ஆறரை" என்று பதில் வந்திருக்கிறது. "சாவி யார்கிட்ட?" என்றால் அதற்கும் உடனே பதில். "டெஸ்ட் என்னாச்சு?", "அந்தப் பொண்ணோட இப்ப பேசறதில்லையா?" போன்ற கேள்விகளுக்கு மட்டும்தான் "ம்". அழித்த செய்திகளும் அந்தக் கேள்விகளுக்குக் கீழேதான் இருந்தன. ஏதோ எழுதியிருக்கிறாள், பதினோரு பேர் படிப்பார்களே என்று தோன்றியதும் எடுத்துவிட்டிருக்கிறாள். எங்கே இருக்கிறாள், எப்போது வருவாள் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பதைத்தான் சபையில் சொல்ல மறுக்கிறாள். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தால் பிள்ளையைத் தப்பாகத்தான் படிப்போம்.

எப்போதிலிருந்து இந்த மாற்றம் என்று தேடினால், காரணம் குரூப்பிலேயே கிடைத்தது. தோழியோடு சண்டை என்று அவள் அம்மாவிடம் தனியாகச் சொன்னதை, அக்கா பாசத்தில், "பாப்பா ரெண்டு நாளா டல்லா இருக்கா, எல்லாரும் பேசுங்க" என்று குரூப்பில் போட்டிருக்கிறாள். மாமா ஒரு ஜோக், பெரியப்பா ஓர் அறிவுரை, யாரோ ஒரு அழுகை எமோஜி. அன்றிலிருந்துதான் "ம்". ஒருவரிடம் சொன்னது பத்துப் பேருக்குப் போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எந்தப் பிள்ளையாக இருந்தாலும் அடுத்த தடவை வாயை மூடிக்கொள்ளும்.

(நடுவில் ஒன்று. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். குறுஞ்செய்தியில் ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைத்தால், அதில் உண்மையான மனசு இல்லை என்று வாசிப்பவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதே பதில் கையெழுத்துச் சீட்டில் இருந்தபோது அப்படித் தோன்றவில்லை. நாம் ஒழுங்காகப் புள்ளி வைத்து "சரி." என்று அனுப்புவது அவர்களுக்குக் கோபமாகக் கேட்கலாம். அவர்கள் "ம்" நமக்குக் கேட்பது போலவே.)

சரி, என்ன செய்வது? அக்கா முதலில் செய்ய நினைத்தது எல்லாரும் செய்வதுதான். குரூப்பிலேயே "ஏன்டி ஒத்தை வார்த்தையில பதில் சொல்ற?" என்று கேட்பது, மெசேஜ் இன்ஃபோவைத் திறந்து எத்தனை மணிக்குப் படித்தாள் என்று பார்ப்பது, தம்பியிடம் "அவ யார்கூட சாட் பண்றா பாரு" என்பது. மூன்றும் வேண்டாம் என்றேன். குரூப்பில் கேட்பது அவளை மறுபடி மேடையில் ஏற்றும். தம்பியை உளவுக்கு அனுப்பினால் அவன் உறவும் சேர்ந்து கெடும்.

பதிலாக, தனிச் செய்தியாக, ஒரே ஒரு தடவை, கேள்விக்குறி இல்லாமல் எழுதச் சொன்னேன். சேர்ந்து எழுதியது இதுதான்: "நீ சொன்னதை உன்னைக் கேக்காம குரூப்ல போட்டுட்டேன். இனிமே போடமாட்டேன். சனிக்கிழமை க்ளாஸுக்கு நான்தான் வண்டியில கூட்டிட்டுப் போறேன். பேசினாலும் சரி, பாட்டுக் கேட்டுட்டே வந்தாலும் சரி." "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் அதற்கு விடை சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பொய் சொல்ல வேண்டும். இப்படி எழுதினால் இரண்டுக்கும் அவசியமில்லை. வண்டியில் முகம் பார்க்காமல் பேசலாம் என்பதும் பெரிய வசதி. இந்த வயதில் நேருக்கு நேர் உட்காரவைத்தால் அது விசாரணையாகிவிடுகிறது.

அந்தச் செய்திக்கு வந்த பதிலும் "ம்"தான். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. அனுப்பியதோடு விடு, மறுபடி நினைவூட்டாதே என்றேன். முதல் சனிக்கிழமை பாட்டுதான். அடுத்த வாரம் போகிற வழியில், தோழிகள் தன்னை விட்டுவிட்டுத் தனி குரூப் ஆரம்பித்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "நான் ஏதாவது செய்யணுமா, சும்மா கேட்டுக்கட்டுமா?" "சும்மா கேளு" என்றாளாம். மீதியை இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் இல்லை. குரூப்பில் இன்றும் "ம்"தான் போடுகிறாள், மாமா இன்றும் குறைப்படுகிறார்.

"நாம வாங்கிக் கொடுத்த போன், எடுத்துப் பார்க்க நமக்கு உரிமை இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. உரிமைப் பேச்சை விடுங்கள், பலன் உண்டா என்று பாருங்கள். ஸ்வீடனில் பதினான்கு வயதுப் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் ஆராய்ந்து ஸ்டாட்டின், கெர் என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பேர்போனது. பெற்றோருக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்திருந்ததில் பெரும்பகுதி, பிள்ளைகள் தாமாக வந்து சொன்னதுதான், கண்காணித்துக் கண்டுபிடித்தது அல்ல என்றார்கள். பின்னால் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், பெற்றோர் தன் அந்தரங்கத்தில் நுழைகிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகள் இன்னும் மறைத்தார்கள், பெற்றோருக்குத் தெரிந்தது இன்னும் குறைந்தது என்று வந்தது. திருட்டுத்தனமாகப் போனைத் திறந்தால் அன்றைக்கு நாலு செய்தி கிடைக்கும். அடுத்த நாளே பாஸ்வேர்டு மாறும், சாட்டுக்குப் பூட்டு விழும், தானாக மறையும் செய்திகள் ஆரம்பமாகும்.

ஆனால் எல்லா "ம்"மும் இப்படி இல்லை. குரூப்பில் மட்டுமல்லாமல் வீட்டிலும் நண்பர்களிடமும் பேச்சு நின்றுபோனால், எங்கே போகிறாள் என்ற கேள்விக்கே பதில் மழுப்பலானால், தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால், போன் ஒலித்தாலே முகம் வெளுத்தால், காரணம் சொல்லாமல் பணம் கேட்டால், காத்திருக்கக் கூடாது. அப்போது சுற்றி வளைக்காமல் கேளுங்கள். "யாராவது உன் போட்டோவை வச்சு மிரட்டுறாங்களா? அப்படின்னா தப்பு உன்னோடது இல்ல. பணம் அனுப்பாதே, எதையும் அழிக்காதே, நான் பாத்துக்கறேன்." சாகணும்னு தோணுதா என்றும் நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவ உதவிக்குக் கூட்டிப்போக வேண்டும், தனியே விடக்கூடாது. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று அவள் கேட்டாலும் சத்தியம் செய்யாதீர்கள். "உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதை மட்டும் செய்தியில் அனுப்ப வேண்டாம். அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய்ச் சொல்லுங்கள்.