பத்தாவது ஆள் யார் என்று யாருமே சொல்லவில்லை

கம்பெனியைப் பதிவு செய்த நாளில் பிஎஃப் எண்ணும் இஎஸ்ஐ எண்ணும் கூடவே வந்தன. பிரைவேட் லிமிடெட் என்றால் 2020 முதல் இப்படித்தான், ஆள் ஒருவர்கூட இல்லாதபோதே எண் வந்துவிடும். "எண் வந்தாச்சு, நிரந்தர ஆள் பத்து பேர் ஆகும்போது பார்த்துக்கலாம் சார்" என்றார் கணக்கு பார்ப்பவர். அந்த "நிரந்தர" என்ற ஒற்றை வார்த்தையை நம்பியதற்குத்தான் இப்போது அழுதுகொண்டிருக்கிறேன்.

பட்டறையில் எட்டு பேர். ஒரு பெரிய ஆர்டருக்காக பேக்கிங்குக்கு இரண்டு பெண்களைத் தற்காலிகமாகச் சேர்த்தோம். பத்து! பத்து பேர் ஆனாலே இஎஸ்ஐ கட்டியாக வேண்டும், அந்தக் கணக்கில் தற்காலிகம், நிரந்தரம் என்ற பேதமே கிடையாது. காண்ட்ராக்டர் மூலம் வருகிறவரும் எண்ணிக்கையில் சேருவார். பிஎஃபுக்குத்தான் இருபது பேர் ஆக வேண்டும். ஆர்டர் முடிந்து அந்த இருவரும் போய்விட்டார்கள், மறுபடி எட்டுதானே என்று நினைத்தேன். ஒருமுறை வரம்புக்குள் வந்துவிட்டால் ஆள் குறைந்தாலும் சட்டம் விடாது. இதைப் பதிவு செய்த அன்றே ஒரு வரி எழுதி அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

ஐந்து மாதம் கழித்துச் சோதனைக்கு வந்தார்கள். பதினாறாயிரம் சம்பளம் வாங்குகிற ஒருவருக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், 520 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 120 ரூபாய். ஆக மாதம் 640. அந்த 120-ஐ அந்தந்த மாதச் சம்பளத்தில்தான் பிடிக்க முடியும், பழைய பாக்கிக்காக இப்போது பிடிக்கக் கூடாது. அதையும் நானே கட்ட வேண்டும், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். சரி, கட்டிவிடலாம். பணம் அல்ல என் ஆத்திரம்.

மூன்றாம் மாதம் எங்கள் லேத் ஆபரேட்டருக்கு விரலில் அடி. தனியார் மருத்துவமனையில் தையல் போட்டு, பில்லை அவர் பாதி, நான் பாதி கட்டினோம். பதிவாகியிருந்தால் இஎஸ்ஐ மருத்துவமனையில் செலவே இல்லை. வேலையில் பட்ட காயம் என்பதால், அவர் வீட்டில் இருந்த மூன்று வாரத்துக்கும் சம்பளத்தில் பெரும்பகுதி அவருக்கு வந்திருக்கும். அந்த மூன்று வாரம் அவர் மனைவி நகையை அடகு வைத்ததாக அப்புறம்தான் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனிதர்.

கணக்கு பார்ப்பவர் இன்னும் "எல்லாரும் இப்படித்தான் சார் பண்றாங்க" என்கிறார். பண்ணட்டும். நான் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்து, ஒரு நாள் வேலைக்கு வருகிறவரையும் பெயர் எழுதி எண்ணிக்கொண்டிருக்கிறேன். நாளை காலை அந்த லேத் ஆபரேட்டருடைய ஆதாரைக் கையில் வாங்கி, நானே உட்கார்ந்து பதிவு செய்யப் போகிறேன்.