கீமோஸ்டாட்டில் பாக்டீரியா தூங்குவதில்லை

"கீமோஸ்டாட்டில் பாக்டீரியா எண்ணிக்கை மாறவே இல்லையே, அப்படியானால் வளர்ச்சி நின்றுவிட்டது."

தவறு. கீமோஸ்டாட் என்பது ஒரு பக்கம் புது ஊடகம், அதாவது சத்துத் திரவம், வந்துகொண்டே இருக்க, மறுபக்கம் திரவம் வெளியேறிக்கொண்டே இருக்கும் பாக்டீரியா வளர்ப்புக் கலன். 1 லிட்டர் கலனுக்குள் மணிக்கு 200 மில்லி புது ஊடகம் சொட்டுகிறது என்று வையுங்கள். அதே அளவு திரவம் செல்களோடு வெளியேறுகிறது. இப்படிக் கழுவிப் போயும் செல்களால் வரும் கலங்கல் குறையவில்லை என்றால், உள்ளே இருப்பவை சுமார் 3.5 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டே இருக்கின்றன.

கடிவாளம் குளுக்கோஸ் கையில். மற்ற சத்துகள் தாராளம், இது மட்டும் அளவோடு வரும். செல்கள் கூடினால் குளுக்கோஸ் வற்றி வளர்ச்சி தளரும். செல்கள் குறைந்தால் குளுக்கோஸ் மிஞ்சி வேகம் ஏறும். யாரும் எதையும் திருக வேண்டாம்.

சரி, பம்பை ஏற்றிக்கொண்டே போனால்? பாக்டீரியாவின் உச்ச வளர்ச்சி வேகத்தைத் தாண்டியதும் செல்கள் அடித்துச் செல்லப்படும். கலங்கல் தெளியும், வெளியேறும் திரவத்தில் குளுக்கோஸ் எகிறும்.