அரை மணி நேர வேலையாம்!

வருகைப் பதிவேட்டைப் பார்த்து எக்செல்லில் அடிப்பது அரை மணி நேர வேலை என்று சொன்ன மகராசன் யாரோ, அவர் அஸ்தம்பட்டிக்கு வந்து என் பக்கத்தில் உட்காரட்டும். ஏற்காட்டுப் பள்ளி ஒன்றிலிருந்து டிசம்பர் மாதப் பதிவேடு வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்திருக்கிறது. மலை ஈரத்தில் சிவப்பு மை ஊறி, வராதவர்களுக்குப் போட்ட 'அ' எல்லாம் வெறும் கறையாக நிற்கிறது.

ஒரு கட்டத்துக்குள் இரண்டு வேளை. காலையில் வந்தால் / கோடு, மதியமும் இருந்தால் அதன் மேலேயே \ கோடு, சேர்ந்தால் பெருக்கல் குறி. ஆனால் எனக்குக் கொடுத்த படிவத்தில் நாளுக்கு ஒரு பத்திதான்! காலையில் வந்துவிட்டு மதியம் காப்பிப் பழம் பறிக்கப் போன பையனை அதில் எங்கே வைப்பது? நாளுக்கு இரண்டு பத்தியாக நானே பிரித்தேன். அப்படியே / அடிக்கலாம் என்றால் எக்செல் கட்டத்தில் எழுதாமல் மேலே மெனுவுக்குத் தாவுகிறது. சரி, P, A என்று போட்டுத் தொலைத்தேன்.

பெயர்கள் இடது பக்கத்தில் மட்டும். வலது பக்கத்தில் வெறும் கட்டம். டி.சி. வாங்கிப் போனவளின் வரி நடுவில் காலியாகக் கிடக்க, அதை விட்டு எண்ணினால் கீழே இருக்கும் அத்தனை பேரும் ஒரு படி ஏறிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு 'அரையாண்டு விடுமுறை' என்று கட்டத்துக்கு ஓர் எழுத்தாக மேலிருந்து கீழே எழுதியிருக்கிறார்கள். முதல் எழுத்து 'அ'. முதல் பையனுக்கு விடுமுறையிலும் ஆப்சென்ட்!

என்னைக் காப்பாற்றுவது ஆசிரியர் போட்ட மொத்தங்கள்தான். வலது ஓரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாத வருகை, அடியில் வேளைவாரியாக வந்தவர் எண்ணிக்கை. என் வரிக்கு

```
=COUNTIF(C5:BL5,"P")/2
```

ஒருவனுக்குப் பதிவேட்டில் 14, எனக்கு 14.5. அடியில் 9ஆம் தேதி மதியம் 31, எனக்கு 32. அந்த வரியும் அந்தப் பத்தியும் சந்திக்கும் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மேலே இருப்பவனின் கோடு இவன் கட்டத்துக்குள் வழிந்திருக்கிறது. அதற்கு அடியில் மங்கலாக ஒரு 'அ'. கண்ணை நம்பியிருந்தால் வந்தவனாகவே போயிருப்பான்.

வரி மட்டும் இடித்து, பத்திகள் எல்லாம் ஒத்துப்போனால் பெரும்பாலும் ஆசிரியரின் கூட்டல் பிசகு. அதை நான் திருத்துவதில்லை, கேட்டு எழுதுகிறேன். கேட்டால் "நீங்களே பார்த்துப் போட்டுக்குங்க தம்பி" என்கிறார்கள். ஒரு பிள்ளையின் வருகையை நான் எப்படிங்க பார்த்துப் போடுவது?

இந்த லட்சணத்தில் அடுத்த வகுப்பின் போட்டோ வந்திருக்கிறது. மொத்தம் எழுதிய பத்தி முழுக்க, பிடித்தவரின் கட்டைவிரல்!