ஓடியா, கடனா? பதில் பாஸ்புக்கில் இருக்கிறது

சிறுதொழில் செய்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "ஓடி வாங்கலாமா, கடனாகவே வாங்கிவிடலாமா?" என்பதுதான். ஓடி என்பது ஓவர்டிராஃப்ட், வங்கி தரும் லிமிட்டுக்குள் வேண்டியபோது எடுத்து, பணம் வந்தபோது கட்டும் கணக்கு. கேட்டதும் பேச்சு வட்டிக்குப் போய்விடும். வட்டியை விட முக்கியமானது, கையை விட்டுப் போன பணம் எந்த மாதத்தில் திரும்பி வருகிறது என்பது.

திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன் தைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தீபாவளிச் சரக்குக்கு ஜூலையில் துணி எடுக்கிறார். அப்புறம் தையல் கூலி, பிரின்டிங், பேக்கிங். செப்டம்பரில் சரக்கு மொத்தக் கடைகளுக்குப் போய்விடும். பணம் வருவது நவம்பரில். தேவை 10 லட்சம். வங்கி ஓடி தரத் தயார், ஃபைனான்ஸ் கம்பெனி 12 மாதக் கடன் தரத் தயார். ஒப்பிட வசதியாக இரண்டுக்கும் ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

கடன் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 88,850 ரூபாய். ஜூலையில் வாங்கினால் ஆகஸ்டிலேயே தவணை தொடங்கிவிடும். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என மூன்று தவணை கட்டி முடிக்கும்போது 2,66,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். சரக்குக்கு ஒரு ரூபாய் கூட இன்னும் வசூலாகியிருக்காது. துணிக்கென்று வாங்கிய 10 லட்சத்தில் கால் பங்குக்கு மேல் தவணைக்கே திரும்பிப் போகிறது. அந்த ஓட்டையை அடைக்க அவர் கைமாற்று வாங்குவார். சீசனில் நல்ல ஆர்டர் இருந்தும் மூச்சு முட்டுவது இதனால்தான்.

ஓடியில் அன்றன்று நிலுவையில் இருக்கும் தொகைக்கு மட்டும்தான் வட்டி. ஜூலையில் சராசரியாக 4 லட்சம், ஆகஸ்டில் 8, செப்டம்பர், அக்டோபரில் 10, நவம்பரில் 5, அப்புறம் நிலுவை இல்லை என்றால் மொத்த வட்டி 37,000 ரூபாய். கடனுக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து 66,000 ஆகியிருக்கும். ஓடிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டணம் உண்டு, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். (ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர் "12 சதவீதம்" என்றால் பிளாட்டா, அதாவது அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டியா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிளாட் 12 என்றால் இந்த ஓராண்டுக் கடனில் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும்.)

அதற்காக எல்லோருக்கும் ஓடிதான் சரி என்று சொல்ல மாட்டேன். ஒரு ஹார்டுவேர் கடைக்காரருக்கும் அதே 10 லட்சம் ஓடி இருந்தது. அவருடைய ஓராண்டு ஸ்டேட்மென்ட்டில் நிலுவை ஒரு நாள் கூட 7 லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஆக, அந்த 7 லட்சம் ஏறி இறங்கும் பணம் இல்லை. அலமாரிச் சரக்காகவும் வாடிக்கையாளர் பாக்கியாகவும் நிரந்தரமாக முடங்கிக் கிடக்கிறது. மாதம் 7,000 ரூபாய் வட்டி போகிறது, அசல் அசைவதே இல்லை. இப்படிப்பட்டவர் 7 லட்சத்தை மூன்று ஆண்டுக் கடனாக மாற்றிக்கொண்டு, 3 லட்சத்துக்கு மட்டும் ஓடி வைத்துக்கொள்வதே நல்லது. தவணை 23,250 வரும். கடை லாபத்தில் இருந்து அதைக் கட்ட முடியவில்லை என்றால் கோளாறு கடனில் இல்லை, கடைக்குள் இருக்கிறது. பழைய பாக்கியை வசூலித்து, ஓடாத சரக்கைத் தள்ளிவிடுவதுதான் முதல் வேலை.

ஓடியை நிரப்பியே வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. லிமிட்டுக்கு மேல் நிலுவை தொடர்ந்து 90 நாள் நின்றாலோ, 90 நாளில் கணக்கில் வரவான தொகை அதே காலத்தில் போட்ட வட்டிக்குக் கூடப் போதவில்லை என்றாலோ, அது வாராக்கடன். விளிம்பில் நிற்கும் கணக்கை மாத வட்டியே லிமிட்டுக்கு மேலே தள்ளிவிடும்.

சரக்கையும் பாக்கியையும் ஈடாகக் காட்டி வாங்கும் லிமிட் என்றால் டிராயிங் பவரையும், அதாவது இப்போதுள்ள ஈட்டின் மதிப்புக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி போடும் கணக்கையும் பார்க்க வேண்டும். பனியன்காரரிடம் சரக்கு 6 லட்சம், வெளியே வர வேண்டியது 8 லட்சம், துணிக் கடைக்குத் தர வேண்டியது 3 லட்சம். வர வேண்டியதில் 3 லட்சம் 90 நாளைத் தாண்டிவிட்டது. பல வங்கிகள் அதைக் கணக்கில் எடுக்காது. சரக்கில் துணிக்கடை பாக்கி போக 3 லட்சம், புதிய பாக்கி 5 லட்சம், ஆக 8 லட்சம். வங்கி 25 சதவீத மார்ஜின் கழித்தால் எடுக்கக் கூடியது 6 லட்சம்தான், லிமிட் 10 என்று கடிதத்தில் இருந்தாலும். மொத்தக் கடைக்காரர் இழுத்தடிக்கும் அதே நேரத்தில் வங்கியும் சுருங்கிவிடும். வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கும் ஓடிக்குப் பொதுவாக இந்தக் கணக்கு கிடையாது, ஆனால் அங்கே அடமானத்தில் இருப்பது குடியிருக்கும் வீடு.

ஆகவே மேனேஜரைப் பார்க்கப் போகும் முன் கடந்த 12 மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து, நிலுவை மிகக் குறைவாக இருந்த நாளைப் பேனாவால் வட்டமிடுங்கள். ஓடி இன்னும் இல்லாதவர்கள் சரக்கோடு வர வேண்டிய பாக்கியைக் கூட்டி, தர வேண்டியதைக் கழித்து, மாதவாரியாக எழுதிப் பார்க்கலாம். மிகக் குறைந்த மாதத்தில் நிற்கும் தொகையில் சொந்தப் பணம் போக மீதிக்குக் கடன், அதற்கு மேல் ஏறி இறங்குவதற்கு ஓடி. தையல் மெஷின் வாங்க மட்டும் ஓடியில் கை வைக்காதீர்கள், அதற்குத் தனியாக மெஷின் கடன் கேளுங்கள்.