Connected என்று காட்டுகிறது, அக்காவின் குரலைத்தான் காணோம்

இரண்டு மாதமாகப் பொறுத்துப் பார்த்துவிட்டேன், இனி முடியாது. காரில் ஏறி உட்கார்ந்ததும் போன் புளூடூத்தில் சேர்ந்துவிட்டது என்று ஸ்டீரியோ திரையில் "Connected" என்று பளிச்சென்று வருகிறது. சரி என்று நம்பி வண்டியை எடுக்கிறேன். பாட்டு ஓடுகிறது, ஆனால் எந்தப் பாட்டு ஓடினாலும் திரையில் "No Title" என்றுதான் இருக்கிறது. போன் வந்தால் இன்னும் மோசம். எடுத்துப் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எதிர்முனைக் குரல் மாயமாகிவிடும். சில நாள் அரை நிமிடத்தில், சில நாள் மூன்று நிமிடம் கழித்து. அக்கா அந்தப் பக்கம் "ஏய், கேக்குதாடி? ஏய்!" என்று கத்திக் கத்திக் கடைசியில் கோபத்தோடு வைத்துவிடுவாள். வீட்டுக்கு வந்து கூப்பிட்டால் "பேசப் பிடிக்கலைன்னா சொல்லிடு" என்பாள்.

சர்வீஸில் கேட்டேன். "போன்லதாங்க பிரச்சினை, வேற போன் போட்டுப் பாருங்க" என்றார்கள். போன் கடையில் கேட்டேன். "கார் செட்டுல பிரச்சினை மேடம், அப்டேட் பண்ணச் சொல்லுங்க" என்றார்கள். இரண்டு இடத்திலும் ஒருவராவது போனைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் பார்த்திருப்பாரா? இல்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: "டெலிட் பண்ணிட்டுத் திரும்ப Pair பண்ணு." ஆறு முறை செய்தேன். ஆறு முறையும் "Connected" வந்தது. ஆறு முறையும் அக்கா போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரமே அந்த ஒற்றை வார்த்தை மேல்தான். போனுக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவில் இருப்பது ஒரு இணைப்பு இல்லை. புளூடூத் என்ற ஒரே பெயருக்குக் கீழே மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன. போன் பேச்சுக்கு ஒன்று, அதை எச்.எஃப்.பி. என்பார்கள். பாட்டின் ஒலிக்கு ஒன்று, ஏ2டி.பி. அடுத்த பாட்டுக்குத் தாவும் பொத்தானுக்கும், பாட்டின் பெயரைத் திரைக்கு அனுப்புவதற்கும் இன்னொன்று, ஏ.வி.ஆர்.சி.பி. இந்த மூன்றில் ஒன்று படுத்துவிட்டாலும் மற்ற இரண்டும் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். திரை மட்டும் "Connected" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எது இணைந்திருக்கிறது, எது விட்டுப்போனது என்று ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்? அதைக் காட்டாததால்தான் கார்க்காரர் போனைச் சொல்கிறார், போன்காரர் காரைச் சொல்கிறார்.

முதலில் அழைப்பு விஷயம். "கால் கட்டாகுது" என்று நானும் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கால் கட்டாகவே இல்லை! ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு, இக்னிஷனை மட்டும் ஆனில் வைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டேன். குரல் போன நொடியில் போன் திரையைப் பார்த்தேன். நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. 1:12, 1:13, 1:14. அழைப்பு உயிரோடு இருக்கிறது, ஒலி மட்டும் வேறு எங்கோ போய்விட்டது. இதைப் பார்க்க ஒரு நொடி போதும், ஆனால் பாருங்கள் என்று யாருமே சொல்லவில்லை. கணக்கு நின்று அழைப்பே முடிந்துபோனால் அது சிக்னல் கோளாறு, அதற்காகக் காரைத் திட்டிப் பயனில்லை. கணக்கு ஓட, ஸ்டீரியோவே "Disconnected" என்று சொல்லி, அழைப்புக்குப் பிறகு பாட்டும் திரும்பி வராவிட்டால் புளூடூத் இணைப்பு மொத்தமாக அறுந்திருக்கிறது. கணக்கும் ஓடி, "Connected" என்பதும் அப்படியே இருந்தால், ஒலியை யாரோ திருப்பிவிட்டிருக்கிறார்கள். எனக்கு நடந்தது இந்த மூன்றாவது.

யார் திருப்பியது? அப்படியே அமைதியாக உட்கார்ந்து கேட்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த கைப்பைக்குள்ளிருந்து கொசு மாதிரி ஒரு சத்தம். பையைத் திறந்தேன். என் வாட்ச்! அதற்குள்ளிருந்து அக்கா "ஏய், இருக்கியா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டி ஓட்டும்போது கையில் உறுத்துகிறது என்று அதைக் கழற்றிப் பையில் போடுவது என் வழக்கம்.

அழைப்பில் பேசும் வசதி உள்ள வாட்ச், போனின் கண்ணுக்கு இன்னொரு ஹேண்ட்ஸ்-ஃப்ரீ கருவி. காரும் அதேதான். இரண்டும் ஒரே நேரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஆனால் குரல் ஒன்றுக்குத்தான் போகும். பையின் அடியில் கிடக்கிற வாட்ச் அவ்வப்போது தொடர்பு விட்டுப்போய்த் திரும்பப் பிடிக்கும். அப்படிப் பிடித்த கணமே போன் குரலைத் தூக்கி அதனிடம் கொடுத்துவிடுகிறது, நடுப்பேச்சிலேயே. ஒரு அழைப்பில் அரை நிமிடம், இன்னொன்றில் மூன்று நிமிடம் என்று கணக்கில்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். காதில் மாட்டும் இயர்பட்ஸ் இருந்தாலும் இதே கதை நடக்கலாம்.

சரிசெய்தது இப்படித்தான். போனின் புளூடூத் பட்டியலில் வாட்ச் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டிங்ஸ் குறியை அழுத்தினால் "Calls" அல்லது "Phone calls" என்று ஒரு சுவிட்ச் வரும். அதை அணைத்தேன், அவ்வளவுதான். வாட்சை நீக்க வேண்டியதில்லை. செய்தி அறிவிப்பு, நடைக் கணக்கு எல்லாம் அதன் ஆப் வழியாக வேறு பாதையில் போகின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பல வாட்ச்கள் அழைப்புக்கு என்றே பட்டியலில் தனியாக இரண்டாவது பெயரில் இருக்கும். அப்படியானால் அந்தப் பெயருக்குள் போய் அணைக்க வேண்டும். ஒரு சுவிட்ச். இதற்காக இரண்டு மாதம் அக்காவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்!

அடுத்தது பாட்டின் பெயர். இதிலும் முதலில் போன் திரையைத்தான் பார்க்க வேண்டும். பாட்டு ஓடும்போது போனைப் பூட்டினால் பூட்டுத் திரையில் பாட்டின் பெயர் தெரிகிறதா? அங்கேயும் தெரியவில்லை என்றால் அந்தப் பாட்டுக் கோப்பிலேயே பெயர் எழுதப்படவில்லை. இல்லாத பெயரைக் கார் எங்கிருந்து காட்டும்? காரில் ஓடும் பாட்டு ஒன்று, திரையில் நிற்கும் பெயர் வேறு ஒன்று என்றால், பின்னணியில் நிறுத்திவைத்த வீடியோ ஆப் ஏதாவது இன்னும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து மூட வேண்டும். பெயருக்குப் பதிலாக வெறும் கட்டம் கட்டமாக வந்தால் பெயர் வந்து சேர்ந்துவிட்டது, ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லை. இவ்வளவு திரையைக் கட்டி விற்கிறவர்களுக்கு ஒரு எழுத்துரு போட மனமில்லை, அது தனி வயிற்றெரிச்சல்.

எனக்குப் போன் திரையில் பெயர் அழகாக வந்தது, காரில் மட்டும் இல்லை. பாட்டை மாற்றும் பொத்தானும் வேலை செய்தது. அப்படியானால் ஏ.வி.ஆர்.சி.பி. ஒட்டியிருக்கிறது, ஆனால் போன் பேசுகிற பதிப்பும் ஸ்டீரியோவுக்குப் புரிகிற பதிப்பும் ஒத்துப்போகவில்லை. இதன் 1.0 பதிப்பில் ஓட்டு, நிறுத்து, அடுத்தது என்ற கட்டளைகள்தான் உண்டு. பாட்டின் பெயர் 1.3 பதிப்பிலிருந்துதான் வந்தது. புதிய போன், பழைய ஸ்டீரியோ என்று சேரும்போது முறைப்படி இரண்டும் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். பல ஸ்டீரியோக்கள் அதில் சொதப்புகின்றன, சத்தமே இல்லாமல்.

ஆண்ட்ராய்டில் இதற்கு வழி இருக்கிறது, ஆனால் ஒளித்துவைத்திருக்கிறார்கள். போன் விவரப் பக்கத்தில் "Build number" என்பதை 7 முறை தட்டினால் "Developer options" திறக்கும். அதற்குள் கீழே போய்க்கொண்டே இருந்தால் "Bluetooth AVRCP Version" வரும். என் போனில் AVRCP 1.5 என்று இருந்தது. 1.4 ஆக்கினேன். உடனே காரில் பார்த்தேன், பழையபடி "No Title".

இங்கேதான் ஒரு மாலை முழுக்க வீணானது. போனில் மாற்றினாலும், முதல் முறை Pair செய்தபோது தெரிந்துகொண்டதையே என் ஸ்டீரியோ பிடித்து வைத்திருந்தது. நான் முந்தி ஆறு முறை டெலிட் செய்தது போனில் மட்டும். ஸ்டீரியோவின் பட்டியலில் என் போன் அப்படியே உட்கார்ந்திருந்தது. வைத்தியம் சொன்ன ஒருவரும் இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. முதலில் பதிப்பை மாற்ற வேண்டும். பிறகு போனில் காரை "Forget" கொடுத்து, காரில் போனையும் நீக்க வேண்டும். போனை ஒரு முறை அணைத்து ஆன் செய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் புதிதாக Pair செய்ய வேண்டும். வண்டி நிற்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும், ஓடும்போது பல ஸ்டீரியோக்கள் அந்தப் பக்கத்தையே திறக்காது. Pair செய்யும்போது தொடர்புகளைப் பகிரலாமா என்று கேட்டால் சம்மதம் கொடுங்கள், இல்லாவிட்டால் கூப்பிடுகிறவர் பெயருக்குப் பதில் வெறும் எண்தான் வரும்.

அந்த வரிசைப்படி செய்ததும் பாட்டின் பெயர் வந்தது. 1.4 கைகொடுக்காவிட்டால் 1.3 வரை இறங்கிப் பார்க்கலாம். ஆனால் போனின் ஒலியளவும் காரின் ஒலியளவும் சேர்ந்து ஏறி இறங்கும் வசதி 1.4இல்தான் வந்தது, 1.3க்கு இறங்கினால் அது போய்விடும். ஆல்பத்தின் படம் 1.6இல்தான் சாத்தியம். என் ஸ்டீரியோ எப்படியும் படம் காட்டாது, எனக்கு நஷ்டமில்லை. ஸ்டீரியோவின் கையேட்டில் 1.0 என்று போட்டிருந்தால் மட்டும் போனில் என்ன செய்தாலும் பெயர் வராது, நேரத்தை வீணாக்காதீர்கள். ஐபோனில் இந்தப் பதிப்பு மாற்றும் அமைப்பே கிடையாது. இரண்டு பக்கமும் அழித்துத் திரும்ப Pair செய்வதுதான் அங்கே கையிலிருக்கும் ஒரே வழி.

போன வாரம் வாட்சின் ஆப் அப்டேட் கேட்டது. கொடுத்தேன். மறுநாள் அக்காவோடு பேசிக்கொண்டே போகும்போது இரண்டாவது நிமிடத்தில் குரல் போனது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால் அந்த "Calls" சுவிட்ச் தானாக ஆன் ஆகியிருக்கிறது. யார் கேட்டது? அணைத்துவிட்டு, பைக்குள் இருந்த வாட்சை எடுத்து அதையும் முழுதாக ஆஃப் செய்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.