யீல்டு லைன் கணக்கு தருவது மேல்வரம்பு

“யீல்டு லைன் முறையில் எந்த வடிவத்தை எடுத்தாலும் வரும் சுமை பாதுகாப்பானதுதான்” என்கிறார் ஒரு நண்பர். 45 பாகைக் கோடே போதும் என்கிறார் மற்றொருவர்; தன் வீட்டு ஸ்லாப் கணக்கைவிட அதிகம் தாங்கியது என்கிறார் இன்னொருவர்.

யீல்டு லைன் முறை என்பது, கான்கிரீட் ஸ்லாப் எந்தக் கோடுகளில் மடங்கி முறியும் என ஊகித்து முறிவுச் சுமையைக் கணக்கிடுவது. முதல் கூற்று உண்மைக்கு நேர்மாறானது. நாம் ஊகிக்கும் ஒவ்வொரு கோட்டமைப்பும் உண்மையான முறிவுச் சுமைக்குச் சமமான அல்லது அதைவிட அதிகமான விடையையே தரும். ஆகவே மிகக் குறைந்த விடையைத் தேட வேண்டும்.

நான்கு பக்கமும் தடையின்றிச் சுழலும்படி தாங்கப்பட்ட 4 x 6 மீட்டர் ஸ்லாபை எடுத்துக்கொள்வோம். இரு திசையிலும் கீழ்க்கம்பியின் தாங்குதிறன் மீட்டருக்கு 20 kNm. நீளப்பக்கத்துக்கு இணையாக ஒரு நடுக்கோடும், அதன் முனைகளிலிருந்து மூலைகளுக்குக் கோடுகளும் வரைவோம். நடுக்கோட்டின் முனை குறும்பக்கத்திலிருந்து 1 மீட்டரில் இருப்பதாகக் கொண்டால் சதுர மீட்டருக்கு 26.3 kN வருகிறது. பலரும் வழக்கமாக வரையும் 45 பாகைக் கோடு, அதாவது 2 மீட்டர், 21.4 தருகிறது, 2.38 மீட்டரில்தான் மிகக் குறைவான 21.2 கிடைக்கிறது. ஆக, 45 பாகையே போதும் என்ற மற்றொரு நண்பர் இந்த ஸ்லாபைப் பொறுத்தவரை ஏறத்தாழச் சரி. முதல் ஊகத்தை நம்பியவரோ சுமையை ஏறக்குறைய கால் பங்கு மிகைப்படுத்தியிருப்பார்.

இதுவும் இறுதி விடையன்று. மேல்கம்பி இல்லாத மூலைகளில் கோடு மூலைக்குள் ஓடாமல் கிளை பிரியும். m என்பது மீட்டருக்கான தாங்குதிறன், L என்பது பக்க நீளம் என்றால், சதுர ஸ்லாபில் அது 24m/L² என்ற முறிவுச் சுமையைச் சுமார் 22m/L² ஆகக் குறைக்கிறது. தன் வீட்டு ஸ்லாப் கணக்கைவிட அதிகம் தாங்கியது என்றவரின் அனுபவம் பொய்யாகாது: விளிம்புகள் பக்கவாட்டில் நகர முடியாதபோது எழும் அமுக்கம் உதவியிருக்கலாம். ஆனால் அது இந்தக் கணக்கில் இல்லாத வலிமை. எவ்வளவு என்பதை அவர் வீட்டு விளிம்புகளைப் பார்க்காமல் சொல்ல முடியாது.