ஏசி அறையும் வெளுக்கும் விரல்களும்

"வெள்ளவத்தையில எங்க பனி பெய்யுது? ஏசி கந்தோருக்குள்ள போனா மட்டும் மகளின்ட விரல் வெள்ளையாகி, பிறகு நீலமாகுது. இரத்தம் குறைவோ?"

அக்கா, இரத்தம் குறைந்தால் வெளிறல் எப்போதும் இருக்கும், இப்படி வந்து வந்து போகாது. நீங்கள் சொல்வது ரேனோ நிகழ்வு மாதிரி இருக்கிறது. 1862இல் மொரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு வைத்தியர் விவரித்தது.

இதற்குப் பனி தேவையில்லை, வெப்பநிலை சட்டென்று இறங்கினாலே போதும். குளிர் பட்டால் எல்லோருக்கும் விரல் நாடிகள் கொஞ்சம் சுருங்கும். இவர்களுக்கு அந்தச் சுவரிலுள்ள தசை இறுகிப் பிடித்து வழியையே அடைத்துவிடும். இரத்தம் வராத இடம் வெள்ளை, அதுவும் கோடு போட்டுப் பிரித்த மாதிரி. உள்ளே தேங்கிய கொஞ்ச இரத்தத்தில் ஒட்சிசன் தீர்ந்ததும் நீலம். நாடி திறந்தால் சிவந்து, விண்விண் என்று குத்தும்.

விரல் வெளுத்திருக்கும்போது கொதிநீரில் கையை வைக்க விடாதீர்கள். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். வெதுவெதுப்பான நீர் போதும், அல்லது அக்குளில் வைக்கட்டும்.

இளவயதில், இரண்டு கையிலும், புண் இல்லாமல் வந்தால் பெரும்பாலும் தீங்கில்லை. முப்பதுக்குப் பிறகு தொடங்கினாலோ, ஒரு கையில் மட்டும் என்றாலோ, விரல்நுனியில் புண், தோல் இறுக்கம், மூட்டுவலி இருந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். நகத்தடி நுண்குழாய்களைப் பெருக்கிப் பார்த்து, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குகிறதா என்று அறிய ஏஎன்ஏ இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். ஒற்றைத்தலைவலிக்கு புரோப்ரனோலோல் குடிக்கிறாவா? அதுவும் இதைக் கூட்டும், மறக்காமல் சொல்லுங்கள்.